டைட்டில்லயே க்ளைமாக்ஸை சொல்லிடாதீங்க! - ஆவணப்படத்துக்குப் பேர் வைக்கிற கதை

ஆறு மாசம் அலைஞ்சு ஷூட் பண்ணி, ரெண்டு மாசம் எடிட்டிங்ல உட்கார்ந்து, கடைசியா அப்லோடு பண்ற ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் பலருக்கும் ஞாபகம் வரும், 'அய்யோ, படத்துக்கு இன்னும் பேரே வைக்கலயே!' அந்த நேரத்துல தூக்கக் கலக்கத்துல கைக்கு வர்ற முதல் பேர் பெரும்பாலும் ஒண்ணுதான்: 'அழிந்துவரும்...' அதுக்கப்புறம் ஒரு தொழிலோட பேர். இல்லைன்னா, 'கண்ணீர் வடிக்கும்...' அதுக்கப்புறம் ஒரு ஆத்தோட பேர்.

இதுல என்ன தப்பு? தகவல் சரியாத்தானே இருக்கு? சரிதான். ஆனா படத்தோட கடைசி சீன் என்னன்னு டைட்டில்லயே சொல்லியாச்சு. ஒரு தொழில் அழியுது, பார்த்தா வருத்தமா இருக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டவர் எதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் செலவு பண்ணணும்? பாவம்னு ஒரு 'உச்' கொட்டிட்டு, அடுத்த வீடியோவுக்கு ஸ்க்ரோல் பண்ணிடுவார்.

ஒரே நதி, மூணு பேரு

நர்மதை அணைத் திட்டத்தைப் பத்தி எத்தனையோ படங்கள் வந்திருக்கு. அதுல மூணை மட்டும் எடுத்துக்குவோம். ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் 1995-ல எடுத்த படம் 'எ நர்மதா டைரி'. சஞ்சய் காக் 2002-ல எடுத்தது 'வேர்ட்ஸ் ஆன் வாட்டர்'. அதே வருஷம் ஃப்ரானி ஆம்ஸ்ட்ராங் எடுத்தது 'ட்ரவுண்ட் அவுட்'.

முதல் பேர்ல நதியோட பேர் நேரடியா இருக்கு. கூடவே 'டைரி'ன்னு ஒரு சின்ன வார்த்தை. யாரோ அங்கேயே கிடந்து, நாள் நாளா பார்த்து எழுதினதுன்னு அது சொல்லிடுது. ரெண்டாவதுல நதியோட பேரே இல்ல. தண்ணி மேல வார்த்தைகள்னா தண்ணியைப் பத்தின பேச்சா, தண்ணியில எழுதுன எழுத்து மாதிரி நிக்காமப் போற வாக்குறுதியா? ரெண்டுமேன்னு படம் பார்த்தவங்க சொல்வாங்க. மூணாவதுக்கும் ரெண்டு அர்த்தம். தண்ணியில மூழ்கி ஊரை விட்டுப் போறதையும் சொல்லும், பெரிய சத்தத்துல ஒரு சின்னக் குரல் கேட்காமப் போறதையும் சொல்லும். ஊரை விட்டுப் போக மாட்டோம்னு நின்ன ஒரு கிராமத்தைப் பத்தின படத்துக்கு அந்த ரெண்டு அர்த்தமும் பொருந்துது.

இதுல எது பெஸ்ட்? என்னைக் கேட்டா, பார்க்கிற இடத்தைப் பொறுத்ததுன்னுதான் சொல்வேன். ஒரு திரையிடலுக்கு நோட்டீஸ் கையில வாங்கிட்டு வர்றவருக்கு 'வேர்ட்ஸ் ஆன் வாட்டர்' போதும். எதைப் பத்தின படம்னு பக்கத்துலயே நாலு வரி எழுதியிருக்கும். போன்ல அந்த நாலு வரியை யாரும் திறந்து படிக்கிறதில்ல. நதியோட பேர் தெரியாம, தேடவும் முடியாது. 'நர்மதா'ன்னு டைப் பண்றவர் கண்ணுல முதல்ல படுறது 'எ நர்மதா டைரி'தான்.

நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. 1999 ஜூலை 23-ம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக திருநெல்வேலியில நடந்த ஊர்வலத்துல போலீஸ் தடியடி நடத்துச்சு. தாமிரபரணிக்குள்ள இறங்கி ஓடினவங்கள்ல 17 பேர் செத்துப் போனாங்க. அதைப் பத்தி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்தோட பேர் 'நதியின் மரணம்'. பேரைக் கேட்டதும் ஆறு வத்திப்போன கதைன்னுதான் நினைப்போம். படம் ஓட ஆரம்பிச்சதும்தான், இது மனுஷங்க செத்த கதைன்னு புரியும். 'மரணம்'ங்கிற வார்த்தையை அந்தப் படம் சும்மா அலங்காரத்துக்கு எடுத்துக்கல. மணல் அள்ளுறதைப் பத்தின ஒரு படத்துக்கு அதே வார்த்தையை வெச்சா, இவ்வளவு கனம் இருக்காது.

பத்தமடைக்குப் போவோம்

இப்போ நாமளே ஒரு படத்துக்குப் பேர் வெச்சுப் பார்க்கலாம். ஆறும் இருக்கணும், கைத்தொழிலும் இருக்கணும். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில நெய்யிற கோரைப் பாய் பத்தி 28 நிமிஷப் படம் ஒண்ணு உங்க கையில இருக்குன்னு வெச்சுக்குங்க.

படத்துல என்ன இருக்கு? ஆத்தங்கரையில வளர்ற கோரைப் புல்லைப் பச்சையா அறுத்துக் காய வைக்கிறாங்க. சன்ன ரகப் பாய்க்குன்னா, அந்தப் புல்லை ஓடுற தண்ணியில சில நாள் ஊறப் போடுறாங்க. அது நல்லா உப்பி வருது. மறுபடி காய வெச்சு, மெல்லிசா கீறி, சாயம் ஏத்தி, பருத்தி நூல் பாவுல ஊடையாக் கொடுத்து நெய்யிறாங்க. பாவுல நூல் எண்ணிக்கை நூறைத் தாண்டினா, பாய் துணி மாதிரி மடியும். அதுக்குப் பேரு பட்டுப்பாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பொண்ணு பேரைச் சேர்த்து நெய்து கொடுக்கிற பாயும் இதுதான்.

முதல் பேர்: 'பத்தமடைப் பாய்'. தகவல் நூத்துக்கு நூறு. ஆனா போன்ல பார்க்கிறவர் இதைப் பாய்க்கடை விளம்பரம்னு நினைப்பார். கேள்வி எதுவும் எழாது.

ரெண்டாவது: 'கோரை'. ஒத்தை வார்த்தை, கேட்க கெத்தா இருக்கு. ஆனா ஒருதடவை யூடியூப்ல தேடிப் பாருங்க. விவசாயிகளுக்குக் கோரைன்னா வயல்ல ஒழிக்க முடியாத களை. எந்த மருந்தை எத்தனை மில்லி அடிக்கணும்ங்கிற வீடியோக்களுக்கு நடுவுல உங்க நெசவாளர் அக்கா மாட்டிக்குவாங்க.

மூணாவது: 'ஆறு நெய்த பாய்'. கவிதை மாதிரி இருக்குல்ல? 'ஆறு'ன்னு மொட்டையா வெச்சா, ஆறா, எண்ணா, 2005-ல வந்த சூர்யா படமான்னு குழப்பம் வரும். அதுக்காக 'நதி'ன்னு மாத்தினா, அந்த ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. 'ஆத்துக்குப் போயிட்டு வர்றேன்'னுதான் சொல்வாங்க. 'பொருநை'ன்னு பழைய பேரைப் போட்டா, இப்போ அகழாய்வுச் செய்திதான் ஞாபகத்துக்கு வரும்.

நாலாவது: 'பட்டு இல்லாத பட்டுப்பாய்'. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு இதுதான். பாய்னு தெரியுது, பட்டு இல்லாம ஏன் பட்டுப்பாய்னு கேள்வியும் வருது. ஆனா இங்கதான் ஒரு வலை இருக்கு. பாவுல பருத்தி நூலுக்குப் பதிலா பட்டு நூல் போட்டு நெய்யிறதும் உண்டு. அப்படி ஒரு பாயை வெச்சிருக்கிறவர் கமென்ட்ல வந்து 'எங்க வீட்டுல இருக்கே'ன்னு ஃபோட்டோ போட்டா, உங்க படத்தோட முதல் வரியே பொய். டைட்டில்ல 'இல்லாத', 'கடைசி', 'ஒரே'ங்கிற வார்த்தைங்க வந்தாலே உஷாராயிடணும். 'கடைசி நெசவாளர்'னு போஸ்டர் ஒட்டிட்டு ஊருக்குள்ள போனா, அடுத்த தெருவுல நாலு பேர் தறி முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க.

அஞ்சாவது: 'புல்லைப் பட்டாக்கிய ஆறு'. நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல வர்ற ஒரு அக்காகிட்ட இதைச் சொன்னா, என்ன கேட்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. "ஆறா தம்பி பட்டாக்குச்சு? அப்போ நான் இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருக்கேன்?" கூலியும் பேரும் சரியாக் கிடைக்காத ஒரு தொழில்ல, இருக்கிற கொஞ்ச பேரையும் டைட்டில் தூக்கி ஆத்துக்குக் கொடுத்துடுது. 'அழிந்துவரும்'னு வைக்கிற பேருக்கும் இதே மாதிரி ஒரு விலை உண்டு. அதைப் பார்க்கிற கல்யாண வீட்டுக்காரர், 'இப்போ யாரும் நெய்யிறதில்லபோல'ன்னு நினைச்சு வேற கிஃப்ட் வாங்கிடுவார். போனது ஒரு ஆர்டர்.

அதனால படத்துக்குள்ள நடக்கிற வேலைக்கே திரும்பலாம். 'ஆற்றில் ஊறிய புல்'. இதுல உவமை எதுவும் இல்ல. நிஜமா நடக்கிற ஒரு வேலை அவ்வளவுதான். ஆனா கேட்டதும் 'புல்லை எதுக்கு ஆத்துல ஊற வைக்கணும்?'னு தோணுது. அதுக்கான பதில் படத்துக்குள்ளதான் இருக்கு. 'ஆற்றில் ஊறிய பாய்'னு வெச்சா இன்னும் சுலபமாப் புரியுமேன்னு ஆசை வரும். வேண்டாம். பாயை யாரும் ஊற வைக்கிறதில்ல, புல்லைத்தான். இன்னொரு செக் பாக்கி இருக்கு. உங்க ஃபுட்டேஜ்ல வர்றவங்க இப்பவும் ஆத்துலதான் ஊற வைக்கிறாங்களா, வீட்டுத் தொட்டியிலயா? தொட்டின்னா இந்தப் பேரை வைக்க முடியாது. ஆனா, ஏன் தொட்டிக்கு மாறினாங்கங்கிறதுல வேற ஒரு பேர் கிடைக்கும்.

போன் ஸ்க்ரீன்ல எவ்வளவு தெரியும்?

புல் மட்டும் போதாது, பாய்னு எங்கேயாவது வரணும். அதுக்குத்தான் துணைத் தலைப்பு: 'ஆற்றில் ஊறிய புல் | பத்தமடையில் பாய் நெய்பவர்கள்'. முதல் பாதி கேள்வி, ரெண்டாவது பாதி முகவரி.

யூடியூப்ல தலைப்புக்கு 100 கேரக்டர்தான் அளவு. தமிழ்ல இது நாம நினைக்கிறதைவிட சீக்கிரம் தீர்ந்துடும். காலு, கொம்பு, புள்ளி எல்லாமே தனித்தனிக் கணக்கு. 'தாமிரபரணி' நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்குல ஒன்பது. மேல சொன்ன தலைப்பு, நடுக்கோடும் இடைவெளியும் சேர்த்து 48 வருது. 100-க்குள்ள இருந்தாலும் போன்ல நீளமான தலைப்போட வால் வெட்டுப்பட்டு மூணு புள்ளியா மாறிடும். அதனால அப்லோடு பண்ணின பிறகு 'அன்லிஸ்டட்'ல வெச்சு, சின்ன ஸ்க்ரீன் போன் ஒண்ணுல பாருங்க. வெட்டுப்பட்ட இடத்துக்கு முன்னாடி 'பத்தமடை' வந்துடணும்.

தம்ப்நெயில்லயும் இதே பேரைப் பெருசா எழுதுறது வேஸ்ட். ஆத்துத் தண்ணியில கட்டுக் கட்டா கிடக்கிற கோரைப் படம் ஒண்ணு போதும். இங்கிலீஷ் எழுத்துல தேடுறவங்க ஊர் பேரை Pattamadai, Pathamadai-ன்னு ரெண்டு விதமாவும் அடிப்பாங்க. அது ரெண்டையும் டிஸ்கிரிப்ஷன்ல போட்டுடுங்க, தலைப்புல திணிக்க வேண்டாம்.

'இதே பேர்ல வேற படம் இருந்தா கேஸ் போடுவாங்களா?'ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. 'தேசி பாய்ஸ்' பட வழக்குல, வெறும் தலைப்புக்கு காப்பிரைட் கிடையாதுன்னு 2015-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா டிரேட்மார்க்கா பதிவு பண்ணின பேருன்னா கதை வேற. அதுக்கும் மேல, ஏற்கெனவே பிரபலமான பேரை வெச்சா தேடும்போது முதல்ல அவங்கதான் வருவாங்க. நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடைசியா ஒரு டெஸ்ட். படத்தைப் பத்தி எதுவுமே தெரியாத அஞ்சு பேருக்கு தலைப்பை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. 'இது எதைப் பத்தின படம்?', 'பார்த்தா என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?'ன்னு ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க. நல்லா இருக்கான்னு கேட்கவே கேட்காதீங்க, எல்லாரும் 'செம'ன்னுதான் சொல்வாங்க. முதல் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வந்தா, துணைத் தலைப்புல கோளாறு. ரெண்டாவதுக்கு 'தெரியலயே'ன்னு வந்தா, முதல் பாதியை மாத்தணும். அஞ்சு பேருக்கு அனுப்பும்போதே, படத்துல இருக்கிற அந்த அக்காவுக்கும் ஒரு போன் போட்டு, பேரை வாசிச்சுக் காட்டிடுங்க. அவங்க 'ம்ம்'னு இழுத்தாங்கன்னா, அப்லோடு பட்டனை அழுத்த இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாம்.