மேலெழுத்துகளும் பின்னக் குறிகளும்: கணினித் தட்டச்சில் ஒரு வரலாறு

எண்ணின் வலப்புறம் சற்று உயர்த்திச் சிறிதாக எழுதப்படும் குறி மேலெழுத்து எனப்படும். 10², மீ³ ஆகியவற்றில் உள்ள சிறிய எண்கள் இவ்வகையின. இவற்றோடு ½, ¾ போன்ற பின்னக் குறிகளும், பாகைக் குறியும் (°), பெருக்கல் குறி (×), வகுத்தல் குறி (÷) முதலியனவும் விசைப்பலகையில் நேரடியாக இடம்பெறுவதில்லை. சில குறிகளை எளிதில் தட்டச்சிட முடிவதற்கும் சில இடையில் சிதைந்துபோவதற்கும் காரணம், கணினி எழுத்துக் குறியேற்றத்தின் வரலாற்றில் உள்ளது.

ஆஸ்கியும் கூரைக் குறியும்

தட்டச்சுப் பொறியில் மேலெழுத்துக்குத் தனி விசை தேவைப்படவில்லை. தாள் சுற்றிய உருளையை அரை வரி திருப்பி, எண்ணை அடித்து, மீண்டும் பழைய இடத்துக்குத் திருப்பினால் போதும். கணினியில் அவ்வாறு திருப்புவதற்கு உருளை இல்லை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கப்படாத குறி கணினிக்கு இல்லாத குறியே.

1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், பத்து இலக்கங்கள், நிறுத்தக் குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றுக்கே அவை சரியாக இருந்தன. எனவே நிரலாளர்கள் மாற்று வழிகளைக் கையாண்டனர். 1957இல் வந்த போர்ட்ரான் மொழியில் அடுக்கைக் குறிக்க இரண்டு உடுக்குறிகள் (`**`) பயன்பட்டன. 1964இல் தோன்றிய பேசிக் மொழி ஆஸ்கியில் இருந்த மேல்நோக்கிய அம்புக்குறியை எடுத்துக்கொண்டது. 1967இல் ஆஸ்கி திருத்தப்பட்டபோது அந்த அம்பின் இடத்துக்குக் கூரை வடிவக் குறி வந்தது. இன்று உரையாடல்களில் `x^2` என்று எழுதும் வழக்கம் இந்த மாற்றத்தின் எச்சமாகும்.

மேற்பாதியில் கிடைத்த இடங்கள்

எட்டு பிட் குறியேற்றம் வந்தபின் இடங்கள் 256 ஆயின. புதிதாகக் கிடைத்த மேற்பாதியை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிரப்பியது. 1981இல் வெளியான ஐபிஎம் தனிக்கணினியில் ² என்பதன் எண் 253, பாகைக் குறியின் எண் 248. ஆனால் அதில் ³ இல்லை, ¾ இல்லை, × குறியும் இல்லை.

1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-1 தரம் வேறு வரிசையைப் பின்பற்றியது. அதில் ° 176ஆம் இடத்திலும், ² 178ஆம் இடத்திலும், ³ 179ஆம் இடத்திலும் அமைந்தன. ¹, ¼, ½, ¾, ×, ÷ ஆகியவையும் சேர்க்கப்பட்டன. நான்கு முதலான மேலெழுத்துகளுக்கும் மூன்றில் ஒன்று போன்ற பின்னங்களுக்கும் இடமளிக்கப்படவில்லை.

விண்டோஸ் கணினியில் இந்த இரு மரபுகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. வலப்புற எண் விசைகளில் Alt அழுத்தியபடி 253 அடித்தாலும் ² வரும், 0178 அடித்தாலும் ² வரும். சுழி இல்லாத எண் பழைய தனிக்கணினி வரிசைக்கு உரியது. சுழியில் தொடங்கும் எண் பின்வந்த வரிசைக்கு உரியது. இவ்வாறே வேர்டு மென்பொருள் 1/2, 1/4, 3/4 ஆகியவற்றைத் தானாகப் பின்னக் குறியாக மாற்றும். 1/3 என்பதை அப்படியே விட்டுவிடும். 1987இன் பட்டியலில் இருந்த பின்னங்களும் அந்த மூன்றே.

¾ எழுத்தும் தமிழும்

தமிழ்க் குறியேற்றங்களும் இதே மேற்பாதியைத்தான் பயன்படுத்தின. திஸ்கி குறியேற்றத்தில் ¾ குறியின் இடத்தில் த எழுத்தும், ÷ குறியின் இடத்தில் ர் எழுத்தும், ° குறியின் இடத்தில் ஊ எழுத்தும் அமர்ந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் `¾Á¢ú` என்று தோன்றியது இதனால்தான். ஓர் எண்ணுக்கு ஒரு பொருளே இருக்க முடியும் என்பதால், திஸ்கி எழுத்துருவில் எழுதிய தமிழ்க் கணக்குப் பாடத்தில் பாகைக் குறி வேண்டுமெனில் அந்த இடத்தில் மட்டும் வேறு எழுத்துருவுக்கு மாற வேண்டியிருந்தது.

ஒருங்குறி தந்த தீர்வு

1991இல் வெளிவந்த ஒருங்குறி, பழைய ஆவணங்கள் கெடாமலிருக்க ஐஎஸ்ஓ 8859-1இன் 256 இடங்களை மாற்றாமல் முதலில் வைத்துக்கொண்டது. எனவே ¹, ², ³ மூன்றும் பழைய இடத்திலேயே தங்கின. சுழியும் நான்கு முதல் ஒன்பது வரையுள்ள மேலெழுத்துகளும் U+2070 முதல் தொடங்கும் தனித் தொகுதிக்குச் சென்றன. அத்தொகுதியில் ², ³ வரவேண்டிய U+2072, U+2073 ஆகிய இரு இடங்களும் இன்றுவரை காலியாக உள்ளன. சில எழுத்துருக்களில் ²⁴ என்று எழுதும்போது இரண்டும் நான்கும் வெவ்வேறு உயரத்தில் தெரிவதற்குக் காரணம், எழுத்துருவில் இல்லாத ⁴ வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கப்படுவதே.

தமிழின் மரபுப் பின்னங்களான முந்திரி, காணி, மா முதலியவற்றின் குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் தமிழ்க் கூடுதல் தொகுதியாகச் சேர்ந்தன. இவற்றுக்கான எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்களே தெரியும்.

குறியா, வடிவமைப்பா?

மேலெழுத்தை இரு வழிகளில் பெறலாம். வேர்டில் Ctrl, Shift, = ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அடுத்து வரும் எண் உயர்ந்து தோன்றும். இது வடிவமைப்பு மட்டுமே. உள்ளே இருப்பது சாதாரண எண். மற்றொரு வழி, மேலெழுத்தாகவே பிறந்த ஒருங்குறிக் குறியை இடுவது.

பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல்-விநாடி. ஒரு மாணவர் இதன் அடுக்கை வடிவமைப்பு வழியில் எழுதி, நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் கிடைப்பது:

```
6.626 × 10-34
```

வடிவமைப்பு உதிர்ந்து, அடுக்கு கழித்தலாகிவிட்டது. பெருக்கல் குறி மட்டும் தனி எழுத்து என்பதால் தப்பியது. இதையே வேர்டில் 207B என்று அடித்து Alt, X விசைகளை அழுத்தினால் ⁻ கிடைக்கும். அவ்வாறே 00B3 என்பது ³ ஆகவும், 2074 என்பது ⁴ ஆகவும் மாறும். இம்மூன்றும் எங்கு ஒட்டினாலும் உயர்ந்தே நிற்கும்.

பாகைக் குறிக்குப் பதில் உயர்த்திய சுழியை இடுவதிலும் இதே இடர் உண்டு. வடிவமைப்பால் உயர்த்திய சுழியுடன் எழுதிய 37 பாகை, செய்தியில் 370 என்று மாறிப்போகும். எழுதியது எவ்வகை என்று அறிய, வேர்டில் அப்பகுதியைத் தெரிவுசெய்து Ctrl, இடைவெளி விசைகளை அழுத்தலாம். எண் கீழே இறங்கினால் அது வடிவமைப்பு. இறங்காவிட்டால் உண்மைக் குறி.

ஆயினும் உண்மைக் குறி கண்ணுக்கு அடுக்காகத் தெரிவதேயன்றிக் கணக்குச் செய்யாது. எக்செல் கட்டத்தில் `=5²` என்று இட்டால் பிழை வரும். `=5^2` என்று இட்டால்தான் 25 கிடைக்கும். 1967இல் அம்புக்கு மாற்றாக வந்த கூரைக் குறிக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.