இலவசப் படம்

படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டார்கள். ஆள் கூடியதும் கதவைச் சாத்தி, சயாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மலாயாத் தமிழர் சொல்லும் இந்தக் கதை போர்க்கால நினைவுக் குறிப்புகளிலும் வருகிறது. அம்பாங் பெச்சா வட்டாரத் தோட்டங்களின் ஜப்பான்காரன் காலத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கையில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு சினிமா எதற்கு?

முதலில் தேடியது பத்திரிகையில். ஜப்பானியர் சிங்கப்பூரில் நடத்திய ஷோனான் நாளிதழை சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் 1943 என்று அச்சிட்டிருக்காது, 2603 என்று இருக்கும். அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு. கடிகாரமும் டோக்கியோவுடையதுதான், பழைய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால். வானொலி நிகழ்ச்சி இரவு எட்டு மணிக்கு என்று போட்டிருந்தால், தோட்டத்தில் அப்போது பொழுது சாய்ந்து கொண்டிருக்கும். அந்த வானொலியிலும் சிற்றலை கேட்காதபடி செய்துவிட்டார்கள். எதிரி நிலையத்தைக் கேட்பது கடும் குற்றம்.

சயாம்-பர்மா ரயில் பாதை வேலை 1942-ல் தொடங்கியது. 1943 தொடக்கத்தில் அவசரம் கூடி, போர்க் கைதிகள் மட்டும் போதாமல் போனார்கள். நல்ல கூலி, குறுகிய ஒப்பந்தம், குடும்பத்துக்கும் இடம் என்று விளம்பரம் வந்தது அப்போதுதான். போதிய ஆள் சேரவில்லை. ஆட்களை வளைத்துப் பிடிப்பது அதன் பிறகு.

இந்த வரிசைதான் என் கேள்விக்கு விடை. குறுகிய ஒப்பந்தம் என்ற வாக்குறுதிக்குள்ளேயே அதன் சோதனையும் இருந்தது. சில மாதம் கழித்துப் போனவன் திரும்பி வரவேண்டும், வரவில்லை. லயத்தில் காத்திருந்தவர்களுக்கு அதை எந்த வானொலியும் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு வா என்றால் ஒளிந்துகொள்ளும் ஆளையும் படம் பார்க்க வா என்றால் வரவழைக்கலாம். ஆக, இலவசப் படம் என்பது விளம்பரம் தோற்றதற்கான சாட்சி என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் அதே ஆண்டு, அதே தோட்டங்களில், வேறொரு குரல் எடுபட்டது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவருடைய தற்காலிக அரசில் பிரசார அமைச்சராக இருந்தவர் எஸ். ஏ. ஐயர், ராய்ட்டர் செய்தியாளராக இருந்த தமிழர். அந்த ரயில் பாதையின் இரு முனைகளும் அக்டோபர் 17-ல் சேர்ந்தன. போஸ் அரசை அறிவித்தது அக்டோபர் 21-ல். சயாமில் மலாயாத் தமிழர் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

போஸின் படையைப் பற்றிப் படமெடுக்க ஜப்பானியர் அனுப்பியவர் இயக்குநர் யசுஜிரோ ஓசு. 1943-ல் சிங்கப்பூர் வந்தவர், போர் முடியும்வரை இருந்தார். படம் முடியவில்லை. எடுத்ததையும் தோல்விக்குப் பின் அழித்துவிட்டார்கள். அது எந்தத் தோட்டத்திலும் ஓடவில்லை.