பம்பாயின் பருத்திச் செல்வமும் வாணிகச் சுழற்சியும்

வாணிகம் என்றும் ஒரே சீராக நடைபெறுவதில்லை. சில ஆண்டுகள் விலையும் விற்பனையும் வேலையும் பெருகுகின்றன. பின்னர் ஒரு கட்டத்தில் அப்பெருக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் யாவும் சுருங்குகின்றன. சில காலம் சென்று மீண்டும் துளிர்க்கின்றன. இவற்றைப் பொருளாதார அறிஞர்கள் செழிப்பு, உச்சம், இறக்கம், மீட்சி என்னும் நான்கு நிலைகளாகப் பிரித்து, அனைத்தையும் சேர்த்து வாணிகச் சுழற்சி என்று கூறுவர். சுழற்சி என்னும் சொல்லை மொழிபெயர்ப்பில் கையாளும்போதெல்லாம் நமக்குச் சிறிது தயக்கம் ஏற்படுவதுண்டு. சக்கரம் குறித்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும்; வாணிகத்திற்கு அத்தகைய கால அளவு எதுவும் இல்லை. வேறு நல்ல சொல் கிடைக்காமையால் இதனையே வைத்துக்கொள்வோம்.

இந்நான்கு நிலைகளையும் ஒரே நகரில், பதினைந்தே ஆண்டுகளுக்குள் தெளிவாகக் காண வேண்டுமாயின் 19ஆம் நூற்றாண்டுப் பம்பாயைவிடச் சிறந்த இடம் இந்திய வரலாற்றில் இல்லை எனலாம்.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கை அத்துறைமுகங்களிலிருந்தே பெற்று வந்தன. அவ்வழி அடைபட்டதும் ஆலை முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். அதுவரை, இழை குட்டையானது, தூசு மிகுந்தது என்று அவர்கள் ஒதுக்கி வந்த குஜராத்துப் பருத்திக்குத் திடீரென்று மதிப்பு உண்டாயிற்று. மூன்றே ஆண்டுகளில் அதன் விலை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மெத்தைகளையும் தலையணைகளையும் பிரித்து, பழைய பஞ்சைக்கூட மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள் என்று பம்பாயில் வழிவழியாகச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பம்பாயிலிருந்து சென்ற பருத்தியின் அளவு விலையைப்போல் பெருகவில்லை. நிலமும் உழவும் மாட்டு வண்டியும் ஓராண்டில் நான்கு மடங்காகிவிடுமா? ஏறக்குறைய முன்போன்ற சரக்கே பன்மடங்கு பணத்தைக் கொண்டுவந்தது. வழக்கமான விலைக்கு மேல் அவ்வாண்டுகளில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த தொகை 7 கோடி முதல் 8 கோடி பவுன் வரை இருக்கும் என்று பிற்காலத்தவர் கணக்கிட்டனர். செழிப்பின் தொடக்கத்தில் பொய் எதுவும் இல்லை. தட்டுப்பாடு உண்மையானது, இலாபமும் உண்மையானது. அந்த இலாபம் எங்கே போய்த் தங்குவது என்ற வினாவிலிருந்துதான் கோளாறு பிறந்தது.

அது பங்குகளிற் சென்று தங்கிற்று. வங்கிகள், நிதிக் கழகங்கள், கப்பல் நிறுவனங்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்கள் என்று நாள்தோறும் புதியன தோன்றின. 1860இல் அறுபது பேர் அளவில் இருந்த பங்குத் தரகர்கள் சில ஆண்டுகளில் இருநூற்றுக்கு மேற்பட்டனர். அவர்களுள் தலையாயவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் குஜராத்தி வணிகர். அவர் கைவைத்த பங்கு ஏறும் என்று ஊர் நம்பியது. நம்பியதாலேயே அது ஏறியது. இவற்றுள் புகழ் பெற்றது பாக்பே என்னும் வளைகுடாவைத் தூர்ப்பதற்காக ஏற்பட்ட நிறுவனம். 5,000 ரூபாய் செலுத்தப்பட்டிருந்த அதன் பங்குகளுள் 400ஐ ஏலம் விட்டபோது, ஒவ்வொன்றும் அத்தொகைக்கு மேல் 25,000 ரூபாய்க்கும் கூடுதலாக விலை போயிற்று. அந்த 400 பங்குகளுக்கு மட்டும் கிடைத்த மிகைத்தொகை ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. அப்பொழுது கடலில் மண் கொட்டும் வேலை தொடக்க நிலையிலேயே இருந்தது.

இதற்குப் பணம் கொடுத்தவை வங்கிகள். பம்பாய் வங்கி 1840இல் ஏற்பட்ட பழைய வங்கி. அரசாங்கமும் அதில் பங்குதாரர். பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் தருவதை அதன் பழைய சாசனம் தடுத்திருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவரிடம் 30,000 ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பங்கு இருப்பதாகக் கொள்வோம். அதனை ஈடு வைத்து 15,000 ரூபாய் கடன் பெற்று வேறொரு பங்கை வாங்குகிறார். அவரைப்போல் பலர் வாங்குவதால் விலை ஏறுகிறது. ஏறிய விலையைக் காட்டி மேலும் கடன் பெறுகிறார். கடன் விலையை உயர்த்துகிறது. உயர்ந்த விலை கடனைப் பெருக்குகிறது. விலை ஏறிக்கொண்டிருக்கும் வரையில் வங்கியின் கணக்கேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு கடனுக்கும் இருமடங்கு ஈடு இருப்பதாகவே தோன்றும். அபாயம் மிகுந்த வேளையிலேதான் அந்த ஏடு மிகவும் அழகாகக் காட்சியளிக்கும்.

ஈடுகூட இல்லாத மற்றொரு முறையும் இருந்தது. அது தவணை வாணிகம். பணமும் பங்கும் கைமாறாமல், 'இன்ன நாளில் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்வது. மிகப் பல ஒப்பந்தங்கள் 1865ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்கு என்று எழுதப்பட்டன.

உச்சம் எப்பொழுது வந்தது? பருத்தி விலை 1864ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே தளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் சமாதானம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தவுடன் லிவர்ப்பூல் சந்தை கலங்கியது. எனினும் பம்பாயில் பங்கு விலைகள் அதற்குப் பின்னரும் பல மாதங்கள் ஏறிக்கொண்டேயிருந்தன. பாக்பே பங்கு 50,000 ரூபாய் வரை சென்றது. பருத்தியால் வந்த செழிப்பு முடிந்துவிட்டது. பருத்தியை நம்பி எழுந்த கட்டடம் மட்டும் நின்றது. சரக்கின் விலை இறங்கத் தொடங்கிய பிறகும் அச்சரக்கைச் சார்ந்த பங்குகள் ஏறுமாயின், உச்சம் நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆயினும் அப்போது அதனைக் கண்டவர் மிகச் சிலரே.

இதற்காகப் பம்பாய் வணிகரைப் பெரிதும் பழிப்பது முறையன்று. உச்சத்தை அதன்மேல் நிற்பவர் காண்பது அரிது. 1920இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் அந்நாட்டின் வாணிகச் சுழற்சிக்கு நாள் குறித்து வருகிறது. 2007 டிசம்பரில் உச்சம் நிகழ்ந்ததென்று அக்கழகம் அறிவித்தது 2008 டிசம்பர் 1ஆம் தேதி. எண்ணற்ற புள்ளிவிவரங்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே ஓராண்டு தேவைப்பட்டது.

பம்பாய்க்குத் திரும்புவோம். 1865 ஏப்ரல் 9ஆம் தேதி தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தார். அச்செய்தி கப்பலில் இங்கிலாந்தை அடைந்து, அங்கிருந்து அவ்வாண்டுதான் அமைந்திருந்த தந்தி வழியாகச் சில வாரங்களில் பம்பாயை எட்டியது. பருத்தி வாங்குவோர் பின்வாங்கினர். பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஜூலை 1ஆம் தேதி வந்தது. 30,000 ரூபாய்க்குப் பங்கை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவர், சந்தையில் சில ஆயிரமே பெறும் அப்பங்கிற்கு முழு விலையும் தர வேண்டும். அவரால் இயலவில்லை. அவரிடமிருந்து வர வேண்டிய பணத்தை நம்பி மற்றொருவருக்கு வாக்களித்திருந்தவராலும் இயலவில்லை. ஏறக்குறைய ஊர் முழுவதும் ஒரே சங்கிலியாய்ப் பிணைந்திருந்தமையால், ஒரு கண்ணி அறுந்ததும் யாவும் அறுந்தன. திவாலானோர் கணக்குகளைத் தீர்ப்பதற்கென்றே அவ்வாண்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 50,000 ரூபாய் கண்ட பாக்பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பம்பாய் வங்கி தன் மூலதனத்தில் பெரும்பகுதியை இழந்து 1868இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் புதிய பம்பாய் வங்கி ஏற்பட்டது.

இறக்கம் செல்வரோடு நிற்கவில்லை. 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 8,16,562. 1872இல் அது 6,44,405. கரை தூர்த்தலுக்கும் கட்டடப் பணிக்கும் மூட்டை சுமப்பதற்கும் என்று கொங்கணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்து குவிந்திருந்தவர்களுள் பல்லாயிரவர் வேலையின்றி ஊர் திரும்பிவிட்டனர். அவர்கள் எந்தப் பங்கும் வாங்கியதில்லை.

மீட்சி எவ்வாறு வருகிறது? இறக்கத்தில் விலை குறைகிறது. ஒருவரைக் கெடுத்த அக்குறைந்த விலையே மற்றொருவருக்கு முதலாகிறது. பம்பாயில் முதல் நூல் ஆலை 1850களிலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் செழிப்புக் காலத்தில் ஆலைகள் தத்தளித்தன. பருத்தி அத்துணை விலை விற்கும்போது அதனை நூலாக்குவதில் இலாபம் ஏது? விலை வீழ்ந்த பிறகு நிலைமை மாறிற்று. இதற்கு ஜம்ஷெட்ஜி டாட்டாவின் வாழ்க்கையே சான்று. வீழ்ச்சியின்போது அவர் குடும்ப நிறுவனத்தின் சார்பில் லண்டனில் இருந்தார். கையிலிருந்த பத்திரங்கள் மதிப்பிழந்தன. கடன்காரர்களை நேரிற் சந்தித்து உண்மை நிலையைக் கூறிக் கணக்குத் தீர்க்க வேண்டியவரானார். பம்பாயில் தந்தையார் வீட்டை விற்றார். பின்னர் 1868இல் அபிசீனியா சென்ற படைக்குப் பொருள் வழங்கும் குத்தகையில் குடும்பத்திற்குச் சிறிது முதல் கிடைத்தது. 1869இல் சிஞ்ச்பொக்லியில், திவாலாகிக் கிடந்த ஓர் எண்ணெய் ஆலையைக் குறைந்த விலைக்கு வாங்கி நூல் ஆலையாக மாற்றினார் ஜம்ஷெட்ஜி. அதனை இலாபத்திற்கு விற்ற பின், பருத்தி விளையும் இடத்தருகிலேயே ஆலை அமைய வேண்டும் என்று கருதி நாகபுரியைத் தேர்ந்தார்; அங்கே எம்பிரஸ் ஆலை 1877 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. 1869 நவம்பரில் திறந்த சூயஸ் கால்வாயும் பம்பாய் வாணிகத்திற்குத் துணையாயிற்று. 1870களில் ஆலைகள் பெருகலாயின.

எனினும், மீட்சி எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதன்று. தக்காணத்து உழவர் நிலை இதனை நன்கு காட்டும். பருத்தி விலையோடு தானிய விலையும் உயர்ந்திருந்த ஆண்டுகளில் லேவாதேவிக்காரர் அவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தனர். அந்த விலைகளைக் கண்டு, 1867 முதல் அரசாங்கம் நிலவரியையும் உயர்த்தியது. வரி உயர்ந்தபோது விலை இறங்கிக்கொண்டிருந்தது. பம்பாயில் கணக்குத் தீர்ந்து பத்தாண்டு கழிந்த பிறகும் கிராமத்தில் கடன் பத்திரத்தின் வட்டி வளர்ந்துகொண்டிருந்தது. 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு லேவாதேவிக்காரரின் கடைகளைத் தாக்கிக் கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். கலவரம் பூனா, அகமதுநகர் மாவட்டங்களின் வேறு ஊர்களுக்கும் பரவியது.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில், முன்பு ஆலமரத்தடியில் கூடி விலை பேசிய பம்பாய்த் தரகர்கள் ஒன்றுசேர்ந்து முறையான பங்குத் தரகர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் பின்னாளில் பம்பாய்ப் பங்குச் சந்தையாக வளர்ந்தது. தக்காண உழவரின் கடன் குறித்த நிவாரணச் சட்டம் 1879இல் நிறைவேறிற்று.