கந்த சஷ்டி விரதம்: கர்ப்பிணிகள் இருக்கலாமா? கணக்கு முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிக்குது!

'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை தங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் அர்த்தம். ஆனால் வேண்டுதல் பலித்து, வயிற்றில் 7 மாதக் குழந்தையோடு அடுத்த சஷ்டி வரும்போது என்ன செய்வது? 'முருகன் கொடுத்த குழந்தை, இந்த வருஷம் விரதத்தை விடலாமா?' என்ற தயக்கம் அப்போதுதான் வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தத் தயக்கம் கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம் திருத்தணி, இன்னொரு பக்கம் சிறுவாபுரி. சிறுவாபுரிக்கு தொடர்ந்து 6 செவ்வாய்க்கிழமை போவதாக வேண்டிக்கொள்பவர்கள் ஏராளம். அதனால் சஷ்டிக்கு மட்டும் இல்லை, வாராவாரம் செவ்வாய்க்கிழமை பட்டினி கிடப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். விரதம் தனியாக ஒரு விஷயம், ஷிஃப்ட் வேலை தனியாக ஒரு விஷயம். இரண்டும் ஒரே நாளில் சேரும்போதுதான் சிக்கல்.

எத்தனை மணி நேரப் பட்டினி?

ஒரு உதாரணம் பார்ப்போம். கர்ப்பம் 30 வாரம். காலை 6 மணிக்கு ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையிலேயே கிளம்பியாக வேண்டும். முந்தின நாள் இரவு 8 மணிக்கு சாப்பிட்டு முடித்தாச்சு. காலையில் குளித்து, விளக்கேற்றி, தண்ணீர்கூட குடிக்காமல் பஸ் ஏறியாச்சு. மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது அவரைக் கேட்டால், 'காலையிலிருந்து எதுவும் சாப்பிடலை' என்பார். கேட்கிறவர்களும் 8 மணி நேரம் என்று நினைப்பார்கள்.

ஆனால் உடம்பு காலையிலிருந்து எண்ணுவதில்லை. இரவு 8 மணிக்கு சாப்பிட்ட கடைசி உருண்டையில் இருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் மதியம் 2 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிட்டது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து 7 மணிக்குத்தான் சாப்பாடு என்றால் 23 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள்!

18 மணி நேரம் என்பதை சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் பாய்ட் மெட்ஸ்கர் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்து, 1982-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளையும், கர்ப்பமாக இல்லாத பெண்களையும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு காலை டிபன் இல்லாமல் இருக்க வைத்து, 12 மணி நேரத்திலும் 18 மணி நேரத்திலும் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு சர்க்கரை அளவு மற்றவர்களைவிட கீழே இறங்கியிருந்தது. கீட்டோன் மேலே ஏறியிருந்தது. மற்றவர்களுக்கு இன்னும் நீண்ட பட்டினியில் வரும் மாற்றம், கர்ப்பிணிகளுக்கு ஒரு வேளை டிபனைத் தவிர்த்ததிலேயே வந்துவிட்டது. 'வேகமான பட்டினி நிலை' என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி?

குழந்தைக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். நஞ்சுக்கொடி வழியாக ராத்திரி பகல் பாராமல் அது போய்க்கொண்டே இருக்கும். அம்மா விரதம் என்பது குழந்தைக்குத் தெரியாது. அம்மாவின் கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை தீர்ந்ததும், உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்படி எரியும்போது வருவதுதான் கீட்டோன். தலைவலி, குமட்டல், வாயில் ஒரு மாதிரி பழ வாடை, காரணமே இல்லாத எரிச்சல் எல்லாம் இதன் அறிகுறிகள். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்து, 'யூரின்ல அசிட்டோன் இருக்கு, சாப்பிடலையாம்மா?' என்று கேட்பது இதை வைத்துத்தான்.

பெரும்பாலானவர்களுக்கு சாப்பிட்டதும் இது சரியாகிவிடும். ஒரு நாள் பட்டினியால் குழந்தைக்கு கட்டாயம் ஏதாவது ஆகிவிடும் என்று பயமுறுத்துவது சரியில்லை. ரம்ஜான் நோன்பு இருந்த கர்ப்பிணிகள் பற்றிய 22 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. அதில் குழந்தையின் எடையிலும், குறைமாதப் பிரசவத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்றை கவனிக்கணும். அது பெரும்பாலும் ஆரோக்கியமான பெண்கள் பற்றிய கணக்கு. அதோடு ரம்ஜானில் விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு உண்டு. இரவு 8 மணிக்கு சாப்பிட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் வரை இருப்பதும் அதுவும் ஒன்றல்ல.

சஷ்டியில் இன்னொரு சிக்கல், அது 6 நாள். ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள், பால் பழம் மட்டும் எடுப்பவர்கள் என்று பல வகை உண்டு. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று 6 நாளும் மிளகை மட்டும் எண்ணிச் சாப்பிடும் மிளகு விரதமும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கடைசி வகை எந்த மாதத்திலும் வேண்டாம்.

சர்க்கரையைவிட முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர்

கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு சுமார் 2 முதல் 2½ லிட்டர் தண்ணீர் தேவை. வியர்வை அதிகமென்றால் இன்னும் கூடும். சஷ்டி ஐப்பசியில் வருவதால் வெளியே மழைக்காலம்தான். ஆனால் ஷெட்டுக்குள், மெஷின் பக்கத்தில் ஐப்பசி, சித்திரை என்ற வித்தியாசம் பெரிதாக இருக்காது. கழிப்பறை தூரம், லைனை விட்டுப் போனால் ஆள் மாற்றணும் என்று, விரதம் இல்லாத நாளிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? நின்றுகொண்டே வேலை செய்யும்போது கண் இருட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகி, கடுக்கும், தொற்று எளிதாக வரும். கர்ப்பப்பை அவ்வப்போது கெட்டியாகி இறுகும். தண்ணீர் குடித்துவிட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அது அடங்கிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. அடங்காமல் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது பிரசவ வலியாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

வெப்பம் பற்றி தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தினர் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-ல் வெளியிட்டார்கள். அதிக வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்கு கருச்சிதைவு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. அது விரதம் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் சூட்டில் வேலை செய்கிறவர் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்க அது போதும்.

பிரசவ விடுப்புச் சட்டத்தையும் இங்கே சொல்லணும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு, அதில் பிரசவத்துக்கு முன்பாக அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும். அதாவது 32 வாரம் வரை வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. பட்டினி வேகமாகத் தாக்கும் கடைசி மாதங்களின் ஆரம்பம் அது.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் 'வேண்டவே வேண்டாம்' என்ற பட்டியல். கர்ப்பகால சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, வாந்தி நிற்காதவர்கள், ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியோ பனிக்குட நீரோ குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், முன்பு குறைமாதத்தில் பிரசவம் ஆனவர்கள். இவர்களுக்கு பால் பழ விரதம்கூட டாக்டரைக் கேட்காமல் கூடாது. இன்சுலின் போட்டுவிட்டு சாப்பிடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, படபடப்பு வந்தால் விரதத்தை அங்கேயே விட்டுவிடணும். 3 டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து சர்க்கரை அளவைப் பார்க்கணும். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ கூப்பிடுங்கள்.

மற்றவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது, 'விரதத்தை மாத்திக்கோங்க' என்பதுதான். மேலே சொன்ன அதே ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். காலை கிளம்பும் முன் பாலும் ஒரு வாழைப்பழமும். இதிலேயே சுமார் 35 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும், 18 மணி நேரக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ஷிஃப்டில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், இளநீர் அல்லது உப்புப் போட்ட மோர். இடைவேளையில் பழமோ, சுண்டலோ, வேர்க்கடலையோ. சாதத்தை மட்டும் விட்டால் அதுவும் விரதம்தானே?

பால் பழ விரதத்தில் பலர் தவறுவது இரும்புச்சத்து மாத்திரையில். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் பாலோடு விழுங்குவார்கள். பாலிலுள்ள கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. பால் குடித்து 2 மணி நேரம் கழித்து, தண்ணீரோடு போடுவது நல்லது.

விரதம் முடிக்கும்போதும் கவனம். நாள் முழுக்க காலியாக இருந்த வயிற்றில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் போனால் நெஞ்செரிச்சல் நிச்சயம். கர்ப்பகால சர்க்கரை உள்ளவர்களுக்கு ஜவ்வரிசி பாயசம், பேரீச்சம்பழம், ஜூஸ் எல்லாம் அளவை சட்டென்று ஏற்றிவிடும். முதலில் தண்ணீர் அல்லது மோர், பிறகு இட்லி மாதிரி லேசாக ஏதாவது, அரை மணி கழித்து மற்றதெல்லாம்.

குழந்தை அசைவை எண்ணுவது எப்படி?

ஏழாவது மாதத்துக்கு மேல் இது தெரிந்திருக்கணும். சாப்பிட்டதும் இடதுபக்கம் படுத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை அசைவு என்று எண்ணுங்கள். 3-க்குக் குறைவாக இருந்தாலோ, வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, 'காலையில் பார்த்துக்கலாம்' என்று தள்ளாமல் அன்றைக்கே காட்டணும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகள் பக்கத்தில் இருக்கின்றன. ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத வாந்தி, 8 மணி நேரமாக சிறுநீர் போகாதது இவற்றுக்கும் இதே அவசரம்தான்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

டாக்டர் வேண்டாம் என்றாலும் மாமியார், அம்மா மனசு கேட்காது என்பதுதான் பல வீடுகளில் நிலைமை. அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: கர்ப்பிணிக்குப் பதிலாக கணவர் விரதம் இருப்பதும், குழந்தை பிறந்த பிறகு அடுத்த வருஷம் வேண்டுதலை முடிப்பதும் நம்ம வீடுகளில் நடக்கிற வழக்கம்தான். இஸ்லாத்தில் நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் குர்ஆனிலேயே சலுகை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் அது பொருந்தும் என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சிப்காட் பக்கம் குடியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களில் கர்வா சௌத், சத் பூஜைக்கு தண்ணீரே குடிக்காத விரதம் இருக்கிறார்கள். சத் பூஜையில் அது சுமார் 36 மணி நேரம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு கர்ப்பிணி இருந்தால், மேலே சொன்ன அறிகுறிகள் அவருக்கும் பொருந்தும். மொழி தெரியாமல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயங்குவார், கூடப் போங்கள்.

திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது என்பது தெரியுமா? முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் சஷ்டி அன்று அங்கே புஷ்பாஞ்சலிதான். போக முடிந்தவர்கள் போகலாம். ஆனால் 365 படி ஏறணும் என்ற வேண்டுதலை இந்த ஒரு வருஷம் தள்ளிவையுங்கள். மலைக்கு மேலே வண்டி போகும் பாதை இருக்கிறது. பையில் தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும், ஆஸ்பத்திரியில் கொடுத்த கர்ப்பிணி அட்டையும் மறக்காமல் இருக்கட்டும்.