அழித்த படத்தின் ஹேஷ்: தணிக்கைப் பதிவேட்டில் மிஞ்சும் தடயம்

ஒரு பெண் இணையதளம் ஒன்றில் தான் ஏற்றிய அந்தரங்கப் படத்தை நீக்கக் கோருகிறார் என்று கொள்வோம். தளம் படத்தை அழிக்கிறது. அழித்ததற்குச் சான்றாகத் தணிக்கைப் பதிவேட்டில் நாள், நேரம், அவருடைய கணக்கு எண், படத்தின் எஸ்.எச்.ஏ-256 ஹேஷ் ஆகியவற்றை எழுதிவைக்கிறது. இந்த ஹேஷ், கோப்பின் பைட்டுகள் முழுவதிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் 256 பிட் எண். அதிலிருந்து படத்தைத் திரும்பப் பெற முடியாது. எனவே பதிவேட்டில் படம் இல்லை என்பார்கள். இந்த வாதம் பிழை என்பதும், சிறு திருத்தத்தால் பிழையை நீக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஹேஷ் எதைக் காட்டிக்கொடுக்கிறது

படத்தைத் திரும்பப் பெறவேண்டிய தேவையே எழுவதில்லை, ஒப்பிட்டாலே போதும். நீக்குவதற்கு முன் யாரோ அந்தக் கோப்பைத் தரவிறக்கி வைத்திருக்கலாம். அந்த நகலும் பதிவேடும் ஒருவர் கைக்குக் கிடைத்தால், நகலின் ஹேஷைக் கணக்கிட்டு வரிகளோடு பொருத்திப் பார்ப்பார். பொருந்திய வரியில் கணக்கு எண் இருக்கிறது. முகம் தெரியாத படத்துக்கு உரியவர் யார் என்பதை, அவரைக் காக்க எழுதிய பதிவேடே சொல்லிவிடுகிறது. எந்தப் படம் என்று தெரியாவிட்டாலும் தேடுவது கடினமன்று. தலா ஒரு மெகாபைட் அளவுள்ள 10 லட்சம் படங்களை நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் கணக்கிட, சுமார் 33 நிமிடம் ஆகும்.

உருவ ஒற்றுமையை அளக்கும் ஹேஷ்கள் இன்னும் ஆபத்தானவை. படத்தைச் சுருக்கினாலும் நிறத்தைச் சற்று மாற்றினாலும் அவை ஏறக்குறைய மாறாமல் இருக்கும்படி உருவாக்கப்பட்டவை. படத்தின் உருவச் சாயல் அவற்றில் தங்கியிருக்கிறது. மறு ஏற்றத்தைத் தடுக்க அவை தேவைப்படலாம். அந்தத் தடைப்பட்டியல் யாருடைய பெயரோடும் கணக்கோடும் சேராமல் தனியே இருக்கவேண்டும். தணிக்கை வரியில் அதற்கு இடமில்லை.

பிழையைப் பிறகு திருத்தவும் வழியில்லை. தணிக்கைப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் ஹேஷைத் தாங்கும்படி அமைந்திருந்தால், ஒரு வரியை மாற்றும்போது சங்கிலி அறுபடும். ஆகவே எழுதும்போதே கவனம் வேண்டும்.

திருத்தம்

படம் வந்துசேரும் கணத்தில் அதற்கென்றே 32 பைட் நீளமுள்ள தற்செயல் சாவி ஒன்றை உருவாக்கி, சாவியையும் படத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்:

```
k = os.urandom(32)
c = hmac.new(k, image, hashlib.sha256).hexdigest()
```

ஏற்றத்தைக் குறிக்கும் வரியில் `c` மட்டும் செல்கிறது. `k` வேறொரு அட்டவணையில் இருக்கிறது. நீக்கும்போது படமும் `k`-யும் அழிகின்றன. நீக்க வரி அதே `c`-ஐக் குறிப்பிடுகிறது:

```
{"seq":4812,"act":"delete","c":"9f3a...","actor":"u-117","prev":"51c0..."}
```

ஏற்றப்பட்ட அதே பொருளுக்குத்தான் நீக்க ஆணை இடப்பட்டது என்பதை இரு வரிகளும் காட்டுகின்றன. சாவி இல்லாதவருக்கு `c` வெறும் தற்செயல் எண். படத்தின் நகலையே கையில் வைத்திருந்தாலும் ஒப்பிட முடியாது.

ஒரு மறுப்பு

சாவி போய்விட்டால், நீக்கியது இந்தப் படம்தான் என்று நாளை நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது? மறுப்பு நியாயமானது. மெய்ப்பிக்கும் உரிமை யாரிடம் இருக்கவேண்டும் என்பதே இதில் முடிவு செய்யவேண்டியது. நீக்கும்போது, கோரியவரிடம் `k`-யை ரசீதாகக் கொடுத்துவிட்டுத் தளம் தன் பிரதியை அழிக்கலாம். வழக்கு வந்தால், அவர் விரும்பினால், தன் மூலக்கோப்பையும் ரசீதையும் காட்டி `c`-ஐ மீண்டும் கணக்கிட்டுக் காட்டுவார். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தளம் படத்தைச் சுருக்கிச் சேமிப்பதற்கு முன், வந்த பைட்டுகளின் மீதே `c`-ஐக் கணக்கிட்டிருக்க வேண்டும். இல்லையேல் அவரிடமுள்ள கோப்பு பொருந்தாது.

எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

சாவி அட்டவணை இரவுதோறும் பேக்கப் ஆகிறது என்றால், அந்தப் பிரதிகள் காலாவதியாகும்வரை நீக்கம் முடிந்துவிடவில்லை. கோப்பின் பெயர், தலைப்பு, பைட் அளவு ஆகியவை வரியில் நுழைந்தாலும் இந்தத் திருத்தத்தால் பயனில்லை. பைட் அளவு ஒன்றே பல சமயம் ஒரு படத்தைத் தனித்துக் காட்டிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சோதனைக்கென ஏற்றி நீக்கிய ஒரு படத்தை வேறு 99 படங்களோடு கலந்து, பதிவேட்டையும் சேர்த்து, தொடர்பில்லாத ஆய்வாளரிடம் கொடுக்கவேண்டும். பல முறை செய்தபின் அவர் நூற்றில் ஒன்றைவிடத் தெளிவாக அதிகமாகச் சரியாகச் சுட்டினால் பதிவேடு கசிகிறது. சுட்டாவிட்டால், அவர் முயன்ற வழிகளில் கசியவில்லை என்று மட்டுமே கொள்ளலாம்.

வேறெங்கும் நகல் இல்லை என்பதை எந்தப் பதிவேடும் மெய்ப்பிக்காது. இந்த நேரத்தில், இவர் ஆணையால், இந்த ஏற்றத்துக்கு உரிய படம் நீக்கப்பட்டதாகத் தளம் அறிவித்தது என்பதே அதன் முழுச் சாட்சியம். அதைச் சொல்ல `c` போதும். படத்திலிருந்து வரும் வேறெதுவும் அந்த வரிக்குத் தேவையில்லை.