திண்டுக்கல் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு, 2011: சித்தையன்கோட்டை விவரம் எந்தப் பகுதியில் இருக்கிறது

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாவட்டந்தோறும் வெளியிடும் தொகுப்பு நூலே மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. 1951 கணக்கெடுப்பில் தொடங்கிய வரிசை இது. திண்டுக்கல் மாவட்டத்தின் 2011 கையேடு 'ஏ', 'பி' என இரண்டு புத்தகங்களாக வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில், பெரும்பாலும் அட்டவணைகளாகவே ஓடுபவை. ஆத்தூர் வட்டத்துப் பேரூராட்சியான சித்தையன்கோட்டையைப் பற்றி அவற்றில் இருப்பது சில வரிகள்தான். அந்த வரிகள் ஓரிடத்தில் இல்லை. முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர் ஊர்ப் பெயரைக் காண்பதற்குள் சலித்துப்போவார். எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது, அது எந்த நாளைய நிலவரம், யார் கொடுத்த தகவல் என்று தெரிந்தால் பெரும்பகுதியைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

முன்பகுதி

இரு புத்தகங்களின் முன்பக்கங்களும் ஏறக்குறைய ஒன்றே: முன்னுரை, கையேட்டின் வரலாறு, மாவட்டத்தின் சுருக்க வரலாறு, நிர்வாக அமைப்பு, முக்கியப் புள்ளிவிவரம். இங்கே எல்லாம் மாவட்ட அளவில்தான் பேசப்படும். ஓர் ஊரைத் தேடுகிறவர் மாவட்ட வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நகரலாம்.

'ஏ' புத்தகம்: ஊரில் என்ன இருக்கிறது

இந்தப் புத்தகம் வசதிகளைச் சொல்வது. இதன் முதல் பிரிவு கிராமங்களுக்கு, இரண்டாம் பிரிவு நகரங்களுக்கு. கணக்கெடுப்பின் கண்ணில் பேரூராட்சி நகரம். எனவே கிராமப் பட்டியலில் சித்தையன்கோட்டையைத் தேடுவது வீண். பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இருப்பிடக் குறியீட்டைப் பார்த்தாலே எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. 2011இல் நகரக் குறியீடுகள் 8 என்ற இலக்கத்தில் தொடங்குகின்றன.

சுற்றுப்பட்டுக் கிராமம் ஒன்று வேண்டுமென்றால் கிராமப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முந்தைய கையேடுகள் கிராமங்களை வட்டவாரியாக அடுக்கின. 2011 கையேடு ஊராட்சி ஒன்றியவாரியாக அடுக்குகிறது. வட்டத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சில கிராமங்கள் அகப்படாது. ஒரு வசதி கிராமத்தில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து நிற்கும்: a என்றால் 5 கிலோமீட்டருக்குள், b என்றால் 5 முதல் 10 வரை, c என்றால் அதற்கு மேல். இதன் விளக்கம் பிரிவின் தொடக்கக் குறிப்பில் மட்டுமே இருக்கிறது. அதைத் தாண்டி நேராக அட்டவணைக்குப் போனவருக்கு அந்த எழுத்துகள் புதிராகவே இருக்கும்.

நகரப் பிரிவில் ரோமன் எண்ணிட்ட ஏழு அட்டவணைகள் உள்ளன. முதலாவது, ஊரின் நிர்வாகத் தகுதியையும் பத்தாண்டுதோறும் மக்கள்தொகை வளர்ந்த கதையையும் சொல்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு இந்த ஒரு பக்கமே பெரிய உதவி. இரண்டாவது மழை, வெப்பநிலை, மாவட்டத் தலைநகருக்கும் ரயில் நிலையத்துக்கும் உள்ள தூரம் போன்றவை. மூன்றாவது சாலை நீளம், சாக்கடை, குடிநீர், மின் இணைப்பு. நான்காவது மருத்துவம். ஐந்தாவது பள்ளி, கல்லூரி, நூலகம், திரையரங்கு. ஆறாவது தொழிலும் வங்கியும். ஏழாவது குடிசைப் பகுதிகள். மருத்துவம், கல்வி அட்டவணைகளில் ஒரு வசதி ஊரில் இல்லையென்றால் அது இருக்கும் பக்கத்து ஊரின் பெயரையும் தூரத்தையும் போட்டிருப்பார்கள். ஆகவே கட்டத்தில் செம்பட்டி என்றோ திண்டுக்கல் என்றோ கண்டால் சித்தையன்கோட்டையில் அது இல்லை என்று பொருள்.

தேதி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நூலின் அட்டையில் 2011 என்று இருந்தாலும் நகர வசதி அட்டவணைகள் 2009ஆம் ஆண்டு நிலவரம். வீடு வீடாக வந்த கணக்கெடுப்பாளர் சேகரித்ததும் அல்ல. உள்ளாட்சி முதலிய அலுவலகங்கள் கொடுத்த தகவல். 2010இல் ஒரு மருந்தகம் திறந்திருந்தால் அது இதில் இருக்காது. அட்டவணையைக் குறைசொல்ல அது காரணமாகாது.

'பி' புத்தகம்: ஊரில் யார் இருக்கிறார்கள்

மக்கள் எண்ணிக்கை முழுவதும் இந்தப் புத்தகத்தில். கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. எண்ணிக்கை மார்ச் 1ஆம் தேதிக்கு உரியது. முதலில் மாவட்டச் சுருக்கம், பிறகு ஒன்றியவாரியாகக் கிராமங்கள், அதன்பின் நகரங்கள் என்று போகும் வரிசையில் சித்தையன்கோட்டை நகரங்களோடு வருகிறது. ஊரின் மொத்தம் ஒரு வரி, அடுத்து வார்டுக்கு ஒரு வரி. வார்டு அளவில் தகவல் வேண்டுகிறவர் நேரே இங்கு வரலாம்.

ஒவ்வொரு வரியிலும் குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர், உழைப்போர் என்று பத்திகள் நீள்கின்றன. உழைப்போரில் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். குறைவாகச் செய்தவர் குறுங்கால உழைப்பாளர். அறுவடைக்கு மட்டும் போகிறவர் இந்த இரண்டாம் கணக்கில் விழுவார். அவரை விட்டுவிட்டு விவசாயக் கூலிகளை எண்ணினால் தொகை குறைவாகத் தெரியும்.

இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் பிழை எழுத்தறிவு விகிதம். ஏழு வயது நிரம்பாத யாரையும் எழுத்தறிந்தவராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் எழுத்தறியாதவர் பத்தியில் அடங்கிவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பகுதியில் 10,000 பேர், அதில் 0 முதல் 6 வயதுவரை 1,000 பேர், எழுத்தறிந்தவர் 7,200 பேர். மொத்தத்தால் வகுத்தால் 72 சதவீதம் வரும். குழந்தைகளைக் கழித்து 9,000ஆல் வகுத்தால் 80 சதவீதம். அரசு வெளியிடும் விகிதம் இரண்டாவது முறைப்படி கணக்கிட்டது. இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது எந்த முறை என்று பார்க்காமல் போனால் குழந்தைகள் அதிகமுள்ள ஊர் பின்தங்கியதாகத் தோன்றும்.

'பி' புத்தகத்தின் கடைசிப் பிரிவு வீட்டு வசதிகள் பற்றியது. சுருக்கமாகத் தந்தது. கழிப்பறை, சமையல் எரிபொருள், குடிநீர் ஆதாரம் பற்றி வார்டுவாரியாக வேண்டுமென்றால் இதில் நேரம் செலவிட வேண்டாம். வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்பின் HH-14 என்ற தனி அட்டவணையில் அது கிடைக்கும்.

கையேட்டில் இல்லாதவை

வேறு அட்டவணைகளுக்குப் போக வேண்டிய விஷயங்களும் உண்டு. ஊரில் எந்தச் சமயத்தினர் எத்தனை பேர் என்பது வார்டு வரிகளில் இல்லை, அதற்கு C-01. தாய்மொழிக்கு C-16. எங்கிருந்து பிழைக்க வந்தார்கள் என்பதற்கு D வரிசை. இவை கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கோப்புகளாகக் கிடைக்கின்றன.

பழைய காலத்துக்குப் போகிறவர் புத்தகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. ஆகவே 1951 முதல் 1981 வரையிலான கணக்கெடுப்புகளில் சித்தையன்கோட்டையை மதுரை மாவட்டக் கையேட்டில்தான் தேட வேண்டும். 2011க்குப் பிந்தைய கையேடு எதுவும் இல்லை, ஏனெனில் 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை.