ஹனோய் கோபுரம்

மூன்று கம்பங்களும் துளையிட்ட வட்டுகளும் கொண்ட புதிர். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்ட் லூக்கா 1883-இல் வெளியிட்டது. காசிக் கோயிலில் அந்தணர்கள் 64 பொன்வட்டுகளை நகர்த்திவருவதாகச் சொல்வது புதிரோடு ஒட்டிவந்த கற்பனை.

முதல் கம்பத்தில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய வட்டுகளைக் கடைசிக் கம்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டையே எடுக்கலாம். சிறியதன்மேல் பெரியதை வைக்கக்கூடாது. மூன்று வட்டுகள் என்றால், மேலிரண்டை 3 நகர்த்தலில் நடுக்கம்பத்துக்கு ஒதுக்கி, அடிவட்டைக் கடைசிக் கம்பத்தில் வைத்து, அவ்விரண்டையும் மறுபடி 3 நகர்த்தலில் அதன்மேல் ஏற்ற வேண்டும். மொத்தம் 7. அடிவட்டு நகர, மற்றவை அனைத்தும் ஒரே கம்பத்தில் ஒதுங்கியாக வேண்டும் என்பதால் இதைக் குறைக்க வழியில்லை. நான்கு வட்டுக்கு இந்த 7 இருமுறை வரும், நடுவே ஒன்று: 15. பொதுவாக n வட்டுக்கு 2ⁿ − 1.

முதல் வட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள்: வட்டுகள் ஒற்றைப்படையானால் சேரவேண்டிய கம்பத்தில், இரட்டைப்படையானால் நடுவில். மாற்றி வைத்தால் கோபுரம் தவறான கம்பத்தில் எழும். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 64 வட்டுக்குச் சுமார் 58,500 கோடி ஆண்டுகள் ஆகும்.